மேல்கையில் சொரசொரப்பு: கெரடோசிஸ் பைலாரிஸை அடக்கும் முறை

மேல்கையின் வெளிப்புறத்தையோ தொடையையோ தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கிறதா? வலியில்லாமல், சீழ் இல்லாமல், கிட்டத்தட்ட ஒரே அளவில் பொடிப்பொடியாக இருந்தால் அது பெரும்பாலும் கெரடோசிஸ் பைலாரிஸ்தான்.

தோலின் மேலடுக்கு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. இந்தத் தோல்வாகு உள்ளவர்களுக்கு அது முடி முளைக்கும் துளையின் வாயில் தேங்கி அடைத்துக்கொள்கிறது. அதற்குள்ளேயே முடி சுருண்டு கிடப்பதும் உண்டு. இது கிருமியால் வருவதில்லை, ஒட்டுவதில்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பெரும்பாலும் குடும்பவழியில் வருவது. அடைப்பைக் கரைத்தாலும் துளை மறுபடி அடைத்துக்கொள்வதால்தான் இது இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது.

முதலில் குளியலைச் சரிசெய்யுங்கள். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் போதும். வாசனையில்லாத, மென்மையான சோப்பைப் பயன்படுத்துங்கள். பலரும் தவறுவது நாரில்தான். தேய்த்தால் மேல்முனை உதிரும், அன்றைக்கு வழவழப்பாகத் தெரியும். ஆனால் துளையைச் சுற்றித் தோல் புண்பட்டுச் சிவக்கும், மாநிறத் தோலில் கரும்புள்ளியாகவும் தங்கிவிடும். கிள்ளினாலும் இதே கதிதான்.

அடுத்து, 10 சதவீத யூரியா கிரீம். இது ஈரத்தைப் பிடித்துவைத்து கெரட்டினை இளக்கும். முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். எரிந்து சிவக்காவிட்டால் தொடங்கலாம். குளித்ததும் துணியால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். ஒரு மேல்கையின் வெளிப்புறத்துக்கு அதுவே போதும். இரண்டு கைக்கும் தினம் ஒருமுறை தடவினால் 30 கிராம் டியூப் ஒரு மாதம் வரும். டியூப் பாதிக்கு மேல் மிஞ்சினால் நீங்கள் தடவுவது குறைவு என்று பொருள்.

சவரம் செய்த அன்றும், கீறல் உள்ள இடத்திலும் தடவாதீர்கள், எரியும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சாதாரண ஈரப்பத கிரீமோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

நான்கு முதல் எட்டு வாரம் பொறுங்கள். முதலில் குறைவது சொரசொரப்பு. சிவப்பும் கருமையும் மாதக்கணக்கில் நிற்கலாம், அதனால் கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். எட்டு வாரமாகியும் மாற்றமில்லை என்றால் 20 சதவீத யூரியாவுக்கோ, லாக்டிக் அமிலம் உள்ள கிரீமுக்கோ மாறலாம். லாக்டிக் அமிலம் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும், வெளியே தெரியும் கைகளில் சன்ஸ்கிரீன் அவசியம்.

வழவழப்பானதும் நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி திரும்பும். தினமும் தடவியதை வாரம் இரண்டு மூன்று முறையாகக் குறையுங்கள். வறண்ட பருவத்தில் மட்டும் தினசரிக்குப் போங்கள். பலருக்கு வயது ஏற ஏறத் தானாகவே குறையும்.

பொடிகளில் சீழ் கோத்தாலோ, வலித்தாலோ, திடீரெனப் பரவினாலோ அது முடித்துளை அழற்சியாக இருக்கலாம். அப்போது கிரீமை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.