ஜிடிபி கணக்குல எல்லாரும் சறுக்குற இடம்: வேளச்சேரில ஒரு பழைய ஃபிளாட்ட வெச்சு பாப்போம்

பணம் கை மாறுனாலே ஜிடிபி ஏறும்னு நெனைக்கிறதுதான் ரொம்ப காமனான தப்பு. நாட்டு எல்லைக்குள்ள ஒரு குறிப்பிட்ட காலத்துல, அதாவது ஒரு வருஷமோ மூணு மாசமோ, புதுசா உருவான பொருள், சேவையோட மதிப்பு மட்டும்தான் ஜிடிபி.

வேளச்சேரில ஒரு பழைய ஃபிளாட் 60 லட்சத்துக்கு கை மாறுதுன்னு வெச்சுக்கோங்க, அந்த 60 லட்சம் ஜிடிபில வராது, ஏன்னா வீடு கட்டுன வருஷமே அது கணக்குல ஏறியாச்சு. இப்போ புதுசா நடந்த வேலை புரோக்கரோடது, ஒரு பர்சன்ட் கமிஷன்னா 60,000, அது ஏறும், வக்கீல் ஃபீஸும் ஏறும்.

சரி, வாங்குனவங்க அங்கயே குடி வந்துட்டாங்க, வாடகைன்னு யாருக்கும் ஒரு பைசா குடுக்கல. ஆனா இதே வீட்ட வாடகைக்கு விட்டிருந்தா எவ்ளோ வரும்னு கணிச்சு அத ஜிடிபில சேத்துடுவாங்க! அப்போ பணமே கை மாறாம கூட ஏறுது பாருங்க. அதே வீட்டு கிச்சன்ல நடக்குற சமையலுக்கு மட்டும் ஜீரோ. சமையலுக்கு ஆள் வெச்சு மாசம் 6,000 குடுத்தா அது கணக்குல வரும், அந்த அக்கா நின்னு போய் வீட்டுக்காரங்களே சமைச்சா அது போயிடும், சாம்பார் என்னவோ அதே சாம்பார்தான். 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளமில்லாத வீட்டு வேலை பாக்குற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் பாத்தாங்க, ஆண்கள் 97 நிமிஷம். இவ்ளோ உழைப்ப வெளிய விட்டதுக்கு ஒரு காரணம் சொல்வாங்க, இதையும் உற்பத்தின்னு எடுத்தா வீட்ல இருக்குற எல்லாருமே வேலைல இருக்குறவங்க ஆயிடுவாங்க, அப்புறம் வேலையில்லாதவங்கன்னு யாரையும் எண்ணவே முடியாது. ஓரளவு நியாயம்தான், ஆனா அதுக்காக அந்த உழைப்புக்கு மதிப்பே இல்லன்னு ஆயிடாது.

அடுத்த தப்பு, ஜிடிபிய நாட்டோட சொத்துன்னு நெனைக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துல வேளச்சேரி மூழ்குச்சுல்ல, அப்போ நம்ம ஃபிளாட்ல தண்ணி புகுந்து கட்டில், ஃபிரிட்ஜ், வயரிங் எல்லாம் போச்சுன்னா அந்த நஷ்டத்த ஜிடிபில கழிக்க மாட்டாங்க. கடை, கம்பெனி மூடிக் கெடந்த நாள்ல நடக்காம போன உற்பத்தி மட்டும்தான் குறையும். அப்புறம் எலக்ட்ரீஷியன், பெயின்டர் செஞ்ச வேலை எல்லாம் பிளஸ். புது ஃபிரிட்ஜ் இங்க செஞ்சதுன்னா அதுவும் பிளஸ், வெளிநாட்டுல இருந்து வந்ததுன்னா இறக்குமதி விலைய கழிச்சுட்டு கடைக்காரர் லாபம், வண்டி வாடகை மாதிரி மிச்சம்தான் நிக்கும். ஆக அந்த குடும்பம் சேமிப்ப கரைச்சு பழைய நிலைக்கு வந்திருக்கு, கணக்குல அது வளர்ச்சி.

அப்போ ஜிடிபில இருந்து தேய்மானத்த கழிச்சா வர்ற என்டிபிய பாத்தா போதுமேன்னு சிலர் சொல்வாங்க. அதுவும் பத்தாது, அதுல கழிக்கிறது வழக்கமா தேயுற தேய்மானத்த மட்டும்தான், வெள்ளம் பூகம்பம் மாதிரி பேரழிவுல போன சொத்து வேற ஒரு தனிக் கணக்குக்கு போயிடும்.