திரைப்பாடலைக் கவிதையாக ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பாடல் ஆய்வு எழுதுகிறவர்களின் கட்டுரைகளை வாசித்தால், இருபது வருடங்களுக்கு முன் மற்றவர்கள் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குவது தெரியும். எழுத்துப்பிழை, பாடலாசிரியர் பெயரை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுவோம். எடுத்துக்காட்டுக்கு ஒரே பாடல் போதும். ‘பாத காணிக்கை’ (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது:

வீடு வரை உறவு
வீதி வரை மனைவி
காடு வரை பிள்ளை
கடைசி வரை யாரோ

எதுகை, மோனைக்குப் பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுவது

இதுதான் பெருந்தவறு. இன்னமும் எரிச்சல் தருவதும் இதுதான். “இப்பாடலில் எதுகை, மோனை, இயைபு ஆகிய தொடை நயங்கள் சிறப்பாக அமைந்துள்ளன.” இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பாட்டுக்குக் கீழே வேண்டுமானாலும் ஒட்டலாம். இந்தப் பாட்டுக்கு ஒட்டினால் அது தப்பும்கூட.

பொறுமையாகப் பார்ப்போம். ‘வீடு’, ‘வீதி’ இரண்டும் ‘வீ’யில் தொடங்குவதால் மோனை. ‘காடு’, ‘கடைசி’யும் மோனைதான், ஏனென்றால் அகரமும் ஆகாரமும் மோனைக்கு இன எழுத்துகள். ஆக, முதல் இரண்டு அடிகள் ஒரு ஜோடி, அடுத்த இரண்டும் ஒரு ஜோடி. எதுகையைத் தேடினால் அது ஓர் அடியைத் தாண்டிக் கிடைக்கிறது. ‘வீடு’, ‘காடு’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘டு’. முதலெழுத்து இரண்டிலும் நெடில். (முதலெழுத்தின் அளவு ஒத்துப்போனால்தான் எதுகை. இதை மறப்பவர்கள் ‘கடு’வையும் ‘காடு’வையும் எதுகை என்று எழுதுவார்கள்.)

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பம்: இந்த ஒலிகள் எவற்றைக் கட்டிப்போடுகின்றன? எதுகை வீட்டையும் சுடுகாட்டையும் முடிச்சுப் போடுகிறது, அதாவது புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும். கடைசி அடிக்கு அந்த எதுகையில் பங்கில்லை. மோனையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மற்ற மூன்றும் இடப்பெயர்கள். ‘கடைசி’ எந்த இடமும் அல்ல.

இயைபு? அது அடியின் இறுதியில் வர வேண்டும். ‘உறவு, மனைவி, பிள்ளை, யாரோ’ ஒன்றோடொன்று இயையவே இல்லை. ‘வரை’ நான்கு முறை வருவதைப் பார்த்து இயைபு என்று எழுதிவிடுகிறார்கள். அது அடி நடுவில் திரும்ப வரும் சொல், அவ்வளவுதான். இயையாத அந்த இறுதிகளிலும் கவனிக்க ஒன்று உண்டு. முதல் மூன்றும் குறுகி முடிகின்றன (‘பிள்ளை’யின் ஐகாரமும் சொல்லிறுதியில் குறுகும்). ‘யாரோ’ மட்டும் நெடிலில் திறந்து நிற்கிறது. பதில் இல்லாத கேள்வி நிற்கிற இடமும் அதுவே.

இணையத்தில் கிடைக்கும் வரிப் பிரிப்பை நம்புவது

பாடல் வரிகள் பல, காதால் கேட்டுத் தட்டச்சு செய்யப்பட்டவை. யாராவது ‘வீடு வரை’ என்று வரியை முறித்திருந்தால் ‘வரை’ அடியிறுதிக்குப் போய்விடும், இல்லாத இயைபு முளைத்துவிடும். பாட்டை ஒருமுறை கேட்டு, பாடகர் எங்கே நிறுத்துகிறார் என்று குறித்துக்கொண்டு அடி பிரியுங்கள்.

தொகையறாவைத் தாண்டிப் போவது

பல்லவிக்கு முன்னால் வரும் ‘கூடவே வருவது என்ன’ என்ற கேள்வியைப் படிக்காதவருக்கு ‘யாரோ’ பாதிதான் புரியும்.

படிமத்தை அகராதியில் தேடுவது

காடு என்றால் வனம் அல்ல, சுடுகாடு.

“பாமரருக்கும் புரியும் எளிய நடை”

பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் பலரும் இந்தத் தொடரை எழுதிவிடுகிறார்கள். அது பதிலே இல்லை. எளிமை எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். பழைய வழக்கப்படி மனைவி தெருவோடு நின்றுவிடுவாள், மகன் சுடுகாடு வரை போய்க் கொள்ளி வைப்பான். சாவு வீட்டைப் பார்த்த எவருக்கும் இந்த மூன்று தூரங்களும் தெரியும் என்பதால்தான் ஓர் அடிக்கு மூன்று சொல் போதுமாயிற்று.

இதே தூரங்களைப் பட்டினத்தார் ஏற்கெனவே அளந்திருக்கிறார்: மாதர் ‘வீதி மட்டே’, மைந்தர் ‘சுடுகாடு மட்டே’. ஒற்றுமையைக் கண்டதும் ‘தழுவல்’ என்று எழுதிப் பேனாவை மூடிவிடாமல் வித்தியாசத்தைத் தேடுங்கள். ‘மட்டே’ அன்றாடப் பேச்சின் ‘வரை’ ஆகியிருக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம் முடிவில் இருக்கிறது. கூடவே வருவது புண்ணிய பாவம் என்று சித்தர் பதிலே சொல்லிவிடுகிறார். திரைப்பாட்டு அந்தப் பதிலை எடுத்துவிட்டு, ‘யாரோ’ என்று கேட்பவரிடமே விட்டுவிடுகிறது.