பிரீமார்ட்டம் செய்யும்போது காரணங்களை எண்ணாதீர்கள்

போன மாதம் இரண்டு தம்பிகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஜெராக்ஸ் கடை, அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு, சிப்பிக்காளான் வளர்ப்பு என்று மூன்று யோசனைகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் தோற்றுப்போனதாகக் கற்பனை செய்து, ஏன் தோற்றது என்று தாளில் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு 11 காரணம், ஜெராக்ஸுக்கு 8, காளானுக்கு 4. "காளான்ல ரிஸ்க் கம்மிண்ணா" என்று அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஆறு வருடத்துக்கு முன் நானும் இதே வட்டத்தைத்தான் போட்டேன். இதில் நாம் செய்யும் தப்புகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"தோற்கலாம்" என்று எழுதுவது

தொடங்கும் முன்பே தோல்வியைக் கற்பனை செய்து காரணம் தேடும் இந்த முறைக்குப் பெயர்தான் பிரீமார்ட்டம். இதைப் பரவலாக்கியவர் கேரி கிளைன் என்ற உளவியலாளர். 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அதை எழுதினார். தோல்வி ஏற்கெனவே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வதுதான் இதன் உயிர். "என்ன தப்பு நடக்கலாம்?" என்று கேட்டால் "போட்டி இருக்கும்" என்கிற மாதிரி பொதுவான பதில்தான் வரும். "அடுத்த தீபாவளிக்கு மறுநாள், கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம். என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அப்போதுதான் குறிப்பான பதில் வரும்.

பேசிவிட்டு எழுதுவது

முதலில் ஆளுக்கொரு தாளில் தனியாக எழுதுங்கள். பேச்சு அப்புறம்.

காரணங்களை எண்ணுவது

என் பட்டியலில் இட்லி மாவுக்கு 13 காரணம் இருந்தது, மரச்செக்கு எண்ணெய்க்கு 4. எங்கள் வீட்டில் அம்மா பல வருடம் மாவு அரைத்து விற்றவர். கோடையில் மாவு சீக்கிரம் புளிப்பது, மளிகைக் கடைக்காரர் கடன் சொல்வது, விற்காத பாக்கெட் திரும்பி வருவது எல்லாம் கண்ணால் பார்த்தவை என்பதால் பேனா நிற்காமல் ஓடியது. செக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் எழுதவும் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

விட்டுப்போன காரணம் நிலக்கடலை. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். மாதம் 300 லிட்டர் விற்க 750 கிலோ. அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது ஆறு மாதத்துக்கு வாங்கி வைக்க நாலரை டன். அன்றைக்குக் கிலோ 90 ரூபாய் என்றால் 4,05,000 ரூபாய். செக்கும் கொட்டகையும் போக என் கையில் இருந்ததே மூன்று லட்சம். வாங்க முடிந்த மூட்டைகளையும் சரியாகக் காயவைக்காமல் அடுக்கியதில் பூஞ்சை பிடித்தது. மீதியைச் சந்தையில் ஏறிய விலைக்கு வாங்கினேன். எண்ணெய் விலையை ஏற்றியதும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். பதினான்காவது மாதம் மூடினேன். ஒரு பென்சிலும் பத்து நிமிடமும் இருந்திருந்தால் போதும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பட்டியல் குட்டையாக இருந்தால், அந்தத் தொழிலை நடத்தி மூடிய ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு காரணத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது நடந்தால் கடை மூடுமா, லாபம் மட்டும் குறையுமா? தொடங்கும் முன்பே குறைந்த செலவில் இதைச் சோதிக்க முடியுமா?

இப்படிப் பார்த்தால் என் மாவுப் பட்டியலின் 13இல் கடையை மூடவைக்கக்கூடியது திரும்பி வரும் பாக்கெட் ஒன்றுதான். அதைப் பத்துக் கடைகளில் இரண்டு வாரம் போட்டுப் பார்த்திருக்கலாம். செக்கின் கொள்முதல் சிக்கலைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம், ஆனால் சிறிய அளவில் செய்து சோதிக்க முடியாது; பணம் முழுக்க இறங்கி ஒரு பருவம் முடிந்த பிறகுதான் அனுபவத்தில் தெரியும். கடையை மூடவைக்கும், முன்கூட்டிச் சோதிக்கவும் முடியாது என்ற காரணம் எந்த யோசனையில் இருக்கிறதோ, அந்த யோசனையைத்தான் முதலில் அடித்துவிட வேண்டும்.

எல்லாப் பட்டியலிலும் இருக்கும் காரணம்

"பணம் பத்தவில்லை" மூன்றிலும் வந்தால், அது தேர்வுக்கு உதவாது. ஓரமாக எழுதி வையுங்கள்.

தம்பிகளைக் காளான் கொட்டகையை மூடிய ஒருவரிடம் அனுப்பினேன். நாலு காரணம் பதினைந்தாகத் திரும்பி வந்தது. கோடையில் கொட்டகை முப்பது டிகிரியைத் தாண்டுவது, தரமில்லாத காளான் விதை எல்லாம் இருந்தன. அவற்றுக்கு வழி உண்டு. கோடைக்குப் பால்காளானுக்கு மாறலாம், விதையை நம்பகமான இடத்தில் வாங்கலாம். கடையை மூடவைப்பது, பறித்த காளான் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது என்பதுதான். அதைச் சோதிக்கக் கொட்டகை தேவையில்லை. இப்போது வேறொரு வளர்ப்பாளரிடம் தினமும் 5 கிலோ வாங்கி, ஹோட்டல்களிலும் காய்கறிக் கடைகளிலும் போடுகிறார்கள். இரண்டு வாரத்தில் பாதி நாளாவது மாலையில் ஒரு கிலோவுக்கு மேல் மிஞ்சினால் காளானை விட்டுவிடுவது என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நேற்று ஐந்தாம் நாள். இதுவரை இரண்டு நாள் மிஞ்சியிருக்கிறது.