வாசல் கேமராவின் வெட்டி அலர்ட்டுகள் நின்ற விதம்

வாசல் கேமராவில் இருந்து ராத்திரி முழுக்க அலர்ட் வந்துகொண்டே இருந்தது, திறந்து பார்த்தால் வேப்பங்கிளை ஆடுவதோ ரோட்டில் லாரி போவதோதான். முதலில் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தேன். மரம் அடங்கியது, ஆனால் பால்காரர் வந்துபோனதும் பதிவாகவில்லை. அப்புறம் ரோட்டையும் கிளையையும் ஒதுக்கி, கேமரா கவனிக்க வேண்டிய ஏரியாவை மட்டும் படத்தின் மேல் கட்டங்களாக வரைந்தேன். பகலில் சரியானது, இரவில் மறுபடி அதே தொல்லை.

கிளிப்பை மெதுவாக ஓட்டியபோதுதான் பிடிபட்டது. வண்டி ஏரியாவுக்குள் வரவே இல்லை, அதன் ஹெட்லைட் வெளிச்சம் கேட் கம்பிகளின் நிழலையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சுவரில் ஊர்ந்து போகிறது. என்னுடையது ஆளை அடையாளம் காணும் கேமரா இல்லை, படத்தில் வெளிச்சம் மாறுவதைத்தான் கவனிக்கிறது. அதற்குச் சுவரில் நகரும் ஒளியும் ஓர் அசைவுதான்.

அதனால் சுவர், கேட் இரண்டின் மேல் இருந்த கட்டங்களையும் அழித்துவிட்டு, உள்ளே வருபவர் கால் வைத்தே ஆகவேண்டிய தரையை மட்டும் விட்டேன், சென்சிட்டிவிட்டியைப் பழைய அளவுக்கே ஏற்றினேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கேட்டில் இருந்து படிவரை நடந்தேன், உடனே அலர்ட் வந்தது. வண்டிகளுக்கு இப்போது வருவதில்லை. லென்ஸ் அருகே பூச்சி பறந்தால் மட்டும் இன்னும் எப்போதாவது வருகிறது, அதற்கு ஏரியா வரைந்து பயனில்லை.