24 பக்கத் திட்டமும் ஐந்து நிமிடமும்: கல்லூரி அணிகள் பிட்ச் பேச்சில் சறுக்கும் இடங்கள்

ஸ்டார்ட்அப் போட்டிக்கு வரும் கல்லூரி அணிகளில் பெரும்பாலானவை திட்டத்தை நன்றாகவே எழுதிவிடுகின்றன. சறுக்கல் அந்தத் திட்டத்தைப் பேச்சாக்கும் இடத்தில்தான் வருகிறது. 24 பக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் சுருக்கப் பார்க்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு வரி வீதம் எடுத்துக் கோத்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லாமே வந்துவிடும், ஆனால் நடுவர் மனத்தில் ஒன்றும் தங்காது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பிடிபடாது என்பதால் ஒரு திட்டத்தை முன்னால் வைத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்று, நான்கு பேர். கொப்பரைக் களங்களுக்கு ஒரு உலர்த்திக் கூடாரம் செய்திருக்கிறார்கள். மேலே வெயில் வாங்கும் பாலித்தீன் விரிப்பு, உள்ளே தட்டுகள். மேகமூட்டமான நாளில் கொட்டாங்குச்சி எரித்துச் சூடேற்ற வெளியே ஒரு அடுப்பு. அந்தச் சூடு குழாய் வழியாகத்தான் உள்ளே போகும், புகை கொப்பரையைத் தொடாது. ஒரு தடவை உலர்த்துவது ஒரு ஈடு. ஒரு ஈட்டுக்கு 1,500 காய், அதாவது ஏறக்குறைய 200 கிலோ கொப்பரை. செய்யும் செலவு 45,000 ரூபாய், விற்கும் விலை 60,000. திட்டத்துக்குரிய இந்த எண்களும் கீழே வரும் கணக்குகளும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கணக்குப் போடும் முறையை மட்டும் கவனியுங்கள்.

முதலில் நேரம். தமிழில் நிதானமாக, கேட்பவருக்குப் புரியும்படி பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் போவதே அதிகம். ஐந்து நிமிடம் என்றால் ஐந்நூறு சொல். மைக் கைமாற, ஸ்லைடு நகர, மூச்சு வாங்க அரை நிமிடம் போய்விடும். எழுதிவைக்க வேண்டியது 430, 450 சொல்தான். திட்டத்தின் ஒரே ஒரு பக்கம் அவ்வளவு இருக்கும். எதைச் சுருக்கலாம் என்று யோசிப்பதை இந்த இடத்தில் விட்டுவிட்டு, எந்த ஒரு பக்கத்தைப் பேசுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

ஸ்லைடுகளிலும் இதே பிழைதான். அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி சொன்ன 10-20-30 விதியை, அதாவது பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயின்ட் எழுத்து என்பதை, எங்கோ படித்துவிட்டுப் பத்து ஸ்லைடு போட்டு வருவார்கள். அந்த விதியின் நடு எண்ணைக் கவனிப்பதில்லை. பத்து ஸ்லைடு என்பது இருபது நிமிடத்துக்குச் சொன்ன கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு நான்கு போதும், அதிகம் போனால் ஐந்து.

தொடக்கத்தில் போகும் நாற்பது நொடி

"அவையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களே" என்று தொடங்கி, கல்லூரி பெயர், துறை, நான்கு பேரின் பெயர், பிறகு "இந்தியா ஒரு விவசாய நாடு". இதற்குள் நாற்பது நொடி ஓடிவிடுகிறது. கூடாரம், கொப்பரை என்ற சொற்கள் இன்னும் வாயில் வரவில்லை. அணியின் பெயர் திரையில் இருக்கிறது. வணக்கம் என்ற ஒரு சொல் மரியாதைக்குப் போதும்.

இந்த அணி கையில் எடுத்துவர வேண்டியது இரண்டு துண்டு கொப்பரை. ஒன்று வெள்ளையாக, உடைத்தால் சடக்கென்று ஒலிக்கும்படி காய்ந்தது. இன்னொன்று ஓரத்தில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடித்து, விரலால் அழுத்தினால் வளைவது. இரண்டையும் நடுவர் மேசையில் வைத்துவிட்டு இப்படித் தொடங்கலாம்:

"வணக்கம். இது ரெண்டும் ஒரே தோப்புக் காய், ஒரே நாள் உடைச்சது. ஒண்ணு வெயில்ல காஞ்சுது, இன்னொண்ணு ஐப்பசி மழையில தார்ப்பாய்க்கு அடியில கிடந்துது. பச்சைப் பருப்புல பாதிக்குப் பாதி தண்ணி இருக்கும். மில்லுக்குப் போகும்போது நூத்துல ஆறு பங்குக்கு மேல இருக்கக் கூடாது. அந்தத் தண்ணிய எடுக்க வெயில்ல ஒரு வாரம் ஆகும். நடுவுல ரெண்டு நாள் மழை பிடிச்சா இப்படித்தான்."

நாற்பத்தைந்து சொல். அரை நிமிடத்துக்குள் சிக்கல் என்ன என்பது நடுவரின் கைக்கே போய்விட்டது. திட்டத்தில் இதே செய்தி "அறுவடைக்குப் பிந்தைய ஈரப்பத மேலாண்மையில் நிலவும் சவால்கள்" என்று இருந்திருக்கும். அந்த வரியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்போதுதான் நா குழறுகிறது. எழுத்துத் தமிழில் எழுதியதை வாய்த் தமிழுக்கு மாற்றி, மாற்றியதை உரக்கச் சொல்லிப் பார்த்து, அதன் பிறகே தாளில் எழுதுங்கள்.

கணக்கு

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் நல்ல திட்டங்களே இதில் அடிபடுகின்றன. இந்த அணியின் திட்டத்தில் இப்படி ஒரு வரி: பூசணத்தால் கிலோவுக்கு 15 ரூபாய் விலை குறைகிறது, ஒரு ஈட்டுக்கு 3,000 ரூபாய் மிச்சம், நான்கு நாளுக்கு ஒரு ஈடு என்றால் ஆண்டுக்கு 90 ஈடு, மொத்தம் 2,70,000 ரூபாய் லாபம், போட்ட முதல் மூன்றே மாதத்தில் திரும்பும்.

பெருக்கலில் பிழை இல்லை, கணக்குத்தான் தவறு. பங்குனி சித்திரையில் களத்தில் சும்மா பரப்பினாலே கொப்பரை காய்கிறது. அப்போது பூசணமும் இல்லை, 15 ரூபாய் இழப்பும் இல்லை. கூடாரம் காசு மிச்சம் பிடிப்பது மழை நாளில் மட்டுமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மாட்டும் ஈடு பத்து என்று வைத்தால் மிச்சம் ஆண்டுக்கு 30,000 ரூபாய். 60,000 ரூபாய்க் கூடாரம் முதலை எடுக்க இரண்டு ஆண்டு ஆகும்.

மாணவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துபோகிறார்கள், மூன்று மாதம் எங்கே இரண்டு ஆண்டு எங்கே என்று. ஆனால் நடுவர் வரிசையில் களம் பார்த்து வளர்ந்த ஒருவர் இருந்தால் மூன்று மாதக் கணக்கைக் கேட்ட நொடியில் மற்ற எல்லா எண்ணையும் சந்தேகிக்கத் தொடங்குவார். இரண்டு ஆண்டு என்று காரணத்தோடு சொன்னால், இந்தப் பிள்ளைகள் களத்தில் நின்றிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

15 ரூபாய் என்பது பெரிதா சிறிதா என்று கேட்பவருக்குத் தெரியாது என்பதும் மறந்துபோகிறது. நடுவருக்குத் தெரிந்த ஒன்றின் பக்கத்தில் அதை வைக்க வேண்டும். 2025 பருவத்துக்கு அரைவைக் கொப்பரைக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், கிலோவுக்கு ஏறக்குறைய 116. அதில் 15 ரூபாய் என்பது எட்டில் ஒரு பங்கு. மேடையில் சொல்ல வேண்டிய வரி: "ஆதரவு விலைய வச்சே பாத்தாலும், எட்டு கிலோ வித்தா ஒரு கிலோ சும்மா குடுத்த மாதிரி." சந்தை விலை ஏறும், இறங்கும். எந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டோம் என்பதைச் சொல்லிவிட்டால் அதைச் சுற்றி வாதம் எழாது.

சந்தை அளவு பற்றி ஒரு வார்த்தை. "தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் தென்னை விவசாயிகள், ஒரு சதவீதம் பேர் வாங்கினால்கூட" என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அந்த ஒரு சதவீதம் யார், எப்படி வருவார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை. கல்லூரியிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்தில் எத்தனை களம் இருக்கிறது, அதில் எத்தனை பேரிடம் பேசினீர்கள், எத்தனை பேர் முன்பணம் தரச் சம்மதித்தார்கள் என்ற மூன்று எண் போதும். அவை சிறியனவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓட்டையை ஒளிப்பது

இந்தத் திட்டத்தைக் கேட்டதும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்றுண்டு: மழைக்காலத்துக்கு என்கிறீர்கள், வெயிலில் ஓடும் கூடாரம் என்கிறீர்கள், மழையில் வெயில் ஏது? அணியிடம் பதில் இருக்கிறது. திட்டத்தின் 14ஆம் பக்கத்தில் கொட்டாங்குச்சி அடுப்பு இருக்கிறது. ஆனால் "சூரிய சக்தி" என்ற சொல் கேட்க அழகாக இருப்பதால் அடுப்பைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நடுவர் ஐந்து நிமிடமும் அந்த ஒரு கேள்வியையே மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் சொல்லும் மற்றது எதுவும் காதில் ஏறாது.

எனவே இரண்டாவது நிமிடத்திலேயே நீங்களே கேட்டுவிடுங்கள். "மழையில வெயில் ஏதுன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் இந்த அடுப்பு. உடைச்ச காயோட ஓடே விறகு. களத்துல கொட்டாங்குச்சிக்குப் பஞ்சமே இல்ல."

"எங்களுக்குப் போட்டியே இல்லை" என்று சொல்வதும் இதைச் சேர்ந்ததுதான். போட்டி என்றால் இன்னொரு நிறுவனம் என்று நினைத்துவிடுகிறார்கள். களத்துக்காரர் இன்றைக்கு என்ன செய்கிறாரோ அதுதான் உங்கள் போட்டி. தார்ப்பாய் போட்டு மூடுகிறார், அது மலிவு, ஆனால் அடியில் காற்றில்லை. கந்தகப் புகை போடுகிறார், பூசணம் நிற்கிறது, ஆனால் கந்தகம் கொப்பரையில் தங்குகிறது. அடியில் நெருப்பு மூட்டி உலர்த்துகிறார், காய்கிறது, ஆனால் புகை ஏறி நிறமும் மணமும் கெடுகிறது. இந்த மூன்றையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி, உங்கள் கூடாரம் எங்கே வேறுபடுகிறது என்று நான்காவதில் சொன்னால் முப்பது நொடியில் முடியும். தார்ப்பாயைவிட உங்கள் கூடாரம் பல மடங்கு விலை என்பதையும் மறைக்காதீர்கள்.

மேடையில் யார் பேசுவது என்பதில் அணிக்குள் மனத்தாங்கல் வருவதைப் பார்த்திருக்கிறேன். நால்வருக்கும் பங்கு வேண்டும் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் பிரித்தால், மைக் மாறும் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நொடி போகும், பேச்சின் இழையும் அறுந்துபோகும். ஒருவர் பேசட்டும், மிஞ்சினால் இருவர். கேள்வி நேரத்தில் அடுப்பு வடிவமைத்தவர் அடுப்புக் கேள்விக்கும் கணக்குப் பார்த்தவர் கணக்குக் கேள்விக்கும் பதில் சொல்லட்டும். அங்கே நால்வருக்கும் வேலை இருக்கிறது.

கேட்காமல் இறங்குவது

"வாய்ப்பளித்தால் சாதித்துக் காட்டுவோம், நன்றி" என்று முடித்தால் நடுவர் உங்களுக்கு என்ன தர வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஐந்தாண்டு வருவாய் அட்டவணை இருக்கும், பேச்சும் அதிலேயே போய் நிற்கும். அந்த அட்டவணையை யாரும் நம்பப்போவதில்லை. அடுத்த ஒரு மழைக்காலத்துக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

இந்த அணிக்கு அது இப்படி வரும்: "எட்டுக் கூடாரம் செய்ய 3,60,000 ரூபாய். ஈரமானி, ஏத்துக்கூலி, பழுதுபார்ப்புக்கு 90,000. மொத்தம் நாலரை லட்சம். அக்டோபர்ல எட்டுக் களத்துல நிறுத்துவோம். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஈரப்பதமும் வித்த விலையும் குறிச்சு வைப்போம். ஜனவரியில அந்த நோட்டோட வந்து நிப்போம். பத்து ஈட்டுல ஏழு ஈடாவது பூசணம் இல்லாம வரலேன்னா, இந்த வடிவம் சரியில்லன்னு ஒத்துக்கிட்டு மாத்துவோம்."

இதை நாலரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும்வரை ஒத்திகை பாருங்கள். ஒத்திகையில் ஒரு முறையாவது பேராசிரியர் இல்லாமல், களத்தில் காய் உடைப்பவர் முன்னால் நின்று பேசிப் பாருங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் உங்கள் எண் ஒன்று தவறாக இருக்கும். என்ன தவறு என்று அங்கேயே கேட்டுத் திருத்திக்கொண்டு வாருங்கள்.