மூணு போன்லயும் 41-ஆம் கிணறு: ஆஃப்லைன் சர்வே ஃபார்ம்ல தவிர்க்க வேண்டிய தப்புகள்

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த ரெண்டு பேர் ஒரு கிணறு சர்வேக்கு ஃபார்ம் ரெடி பண்ணிக் கொண்டு வந்து காட்டினாங்க. கியூஃபீல்டு ஆப்ல ஓடுற ஃபார்ம், சிக்னல் இல்லாத ஊருக்குப் போய் போன்லயே பாயின்ட் போட்டுட்டு, திரும்பி வந்து எல்லா போன்ல இருக்கிறதையும் ஒரே ஃபைல்ல சேர்க்கிற வழக்கமான ஏற்பாடுதான். டிராப்டவுன் எல்லாம் தமிழ்ல போட்டு ரொம்ப அக்கறையா செஞ்சிருந்தாங்க. ஆனா கிணறு டேபிளையும் அளவு டேபிளையும் எந்த ஃபீல்டை வச்சு இணைச்சிருக்காங்கன்னு திறந்து பார்த்தா, ஃபைல் தானா போடுற வரிசை நம்பர், `fid`. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா சில வருஷம் முன்னாடி நான் பண்ணின அதே தப்பு அது.

சார்ஜ் பார்த்துக்கோ, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்கோன்னு சொல்ற விஷயங்களை விட்டுடறேன், ஒரு நாள் வெயில்ல நின்னா தானா புரிஞ்சிடும். இங்க எழுதுறது வெளியில தெரியாம உள்ள போய் உக்காந்துக்கிற தப்புகளைப் பத்தி.

`fid`-ஐ நம்பி ரிலேஷன் கட்டுறது

கிணறு சர்வேல ரெண்டு டேபிள் வேணும். `kinaru`ன்னு ஒண்ணு, அதுல பாயின்ட், ஆழம், யார் கிணறு, மோட்டார் இருக்கா இல்லையா. `alavu`ன்னு இன்னொண்ணு, அதுல ஒவ்வொரு தடவை போகும்போதும் அளந்த தண்ணி மட்டம். ஒரே கிணத்துக்கு மாசா மாசம் ஒரு அளவு வரும்கிறதால தனி டேபிள். `alavu`ல இருக்கிற ஒவ்வொரு வரியும் எந்தக் கிணத்தோடதுன்னு சொல்ல ஒரு அடையாளம் வேணும். ஜியோபேக்கேஜ் ஃபைல் தானாவே ஒவ்வொரு வரிக்கும் 1, 2, 3ன்னு `fid` குடுக்குது, சரி இதையே வச்சுக்கலாம்னுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஒரு போன்ல டெஸ்ட் பண்ணினா எந்தக் குறையும் இருக்காது. குறை தெரியணும்னா ரெண்டாவது போன் வேணும், டெஸ்ட் பண்ணும்போது யாரும் ரெண்டு போன் எடுக்கிறதில்ல.

புதுக்கோட்டை பக்கம் ஒரு பஞ்சாயத்துல சர்வே. ஏற்கனவே 40 கிணறு ஃபைல்ல இருந்துச்சு, அதாவது `fid` 40 வரைக்கும். அந்த ஃபைலை மூணு போன்ல காப்பி பண்ணிக் குடுத்தோம். முதல் போன்காரர் கோயிலுக்குப் பின்னாடி இருந்த கிணத்துல ஆரம்பிச்சாரு, அது 41. ரெண்டாவது ஆள் அதே நேரத்துல ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வயக்காட்டுக் கிணத்துல ஆரம்பிச்சாரு, அதுவும் 41. மூணாவது ஆளுக்கும் முதல் கிணறு 41தான். நெட் இல்லாததால ஒரு போன் என்ன நம்பர் போட்டுச்சுன்னு இன்னொரு போனுக்குத் தெரிய வழியே இல்ல.

முடிவுல முதல் போன்ல 17 புதுக் கிணறு, ரெண்டாவதுல 19, மூணாவதுல 15, மொத்தம் 51. நான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கியூஜிஐஎஸ்ல உக்காந்து ஒண்ணு ஒண்ணா காப்பி பேஸ்ட் பண்ணினேன். முதல் போனோட கிணறுகள் 41லருந்து 57 வரை அப்படியே வந்துச்சு. ரெண்டாவது போனோடதை ஒட்டும்போது 41 ஏற்கனவே இருக்கிறதால புது நம்பர் போட்டுக்கிச்சு, 58லருந்து 76 வரை. மூணாவது போனோடது 77லருந்து 91. கிணறு எல்லாம் மேப்ல சரியான இடத்துல இருந்துச்சு. ஆனா அளவு வரிகள்ல போன்ல எழுதின பழைய நம்பர்தானே இருக்கு? ரெண்டாவது ஆள் அந்த வயக்காட்டுக் கிணத்துல அளந்த அளவு இன்னும் "41"னே சொல்லுது, கிணறோ 58 ஆயிடுச்சு. அதனால அந்த அளவு போய் கோயில் கிணத்துல ஒட்டிக்கிச்சு.

கூட்டிப் பார்த்தா 41லருந்து 55 வரை 15 கிணத்துக்கு மூணு மூணு அளவு, 56க்கும் 57க்கும் ரெண்டு ரெண்டு, 58க்கும் 59க்கும் ஒண்ணு ஒண்ணு (அதுவும் வேற கிணத்தோடது), 60லருந்து 91 வரை 32 கிணத்துக்கு ஒண்ணுமே இல்ல. இதுல என்னை இன்னைக்கும் எரிச்சல்படுத்துறது என்னன்னா, ஒரு எரர் கூட வரல. ஏன்னா அளவு டேபிள்ல இருக்கிற எல்லா நம்பருக்கும் ஒரு கிணறு இருந்துச்சு, அது வேற கிணறா இருந்தாலும். புதுக் கிணறு 51, வந்த அளவு 51, நானும் கணக்கு சரின்னு மூடி வச்சுட்டேன்.

ஏப்ரல்ல அளந்தது, அடுத்த சுத்து ஜூன்ல. ஒரு கிணத்துக்கிட்ட போன்ல போன தடவை மட்டம் 46 அடின்னு காட்டுது. அந்தக் கிணத்துக்காரம்மாகிட்ட, "போன தடவை தண்ணி நல்லா கீழ இருந்துச்சு போலம்மா, நாப்பத்தாறு அடின்னு இருக்கே"ன்னு கேட்டேன். அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "ஏந்தம்பி, கிணறே இருபத்தெட்டு அடிதான், நாப்பத்தாறு அடிக்கு எங்க போய் அளந்தீங்க?"ன்னாங்க. டேப்பை இறக்கினா தரை 28ல தட்டுது. அந்த இடத்துல வச்சே லிஸ்ட்டை மேல கீழ தள்ளிப் பார்க்கும்போதுதான் அதே கிணத்துக்கு ஏப்ரல்ல மூணு அளவு இருக்கிறது கண்ணுல பட்டுச்சு.

போன்ல இருந்த பழைய ஃபைல் இருந்திருந்தா அரை மணி நேர வேலை, போன் வாரியா நம்பரை மாத்தி திரும்பச் சேர்த்திருக்கலாம். ஆனா ஜூன் சுத்துக்குப் புது ஃபைல் ஏத்தும்போது பழசை அழிச்சுட்டோம், எந்த அளவு எந்த போன்லருந்து வந்துச்சுன்னு ஒரு காலம் கூட இல்ல. ரெண்டு டேபிள்லயும் இருந்த நேரத்தை வச்சுப் பொருத்திப் பார்த்தோம், மூணு பேரும் ஒரே காலையில வேலை பார்த்ததால நிறைய இடத்துல நிமிஷம் இடிச்சுது. பொருந்தாததை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. ஏப்ரல் மாசத்து மட்டத்தை ஜூன்ல போய் அளக்க முடியாது, அந்த வருஷத்துக் கோடை அளவு பல கிணத்துக்கு எங்ககிட்ட இல்ல, அவ்ளோதான்.

சரியான வழி ரொம்பச் சின்னது. `kinaru`ல `uid`ன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டு, அதோட டீஃபால்ட் வேல்யூல இது:

```
uuid('WithoutBraces')
```

ஒவ்வொரு போனும் தானா ஒரு நீளமான எழுத்துக்கோர்வையை உருவாக்கும், ரெண்டு போன்ல ஒரே மாதிரி வர்றதுக்கு நடைமுறையில வாய்ப்பே இல்ல. `alavu`ல `kinaru_uid`ன்னு டெக்ஸ்ட் ஃபீல்டு வச்சு, புராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ்ல ரிலேஷனை இது ரெண்டுக்கும் நடுவுல கட்டணும். `fid` என்ன நம்பரா மாறினாலும் அப்புறம் கவலையில்ல.

ஆனா இதுலயும் மூணு இடத்துல வழுக்குவாங்க. டீஃபால்ட் வேல்யூ கீழேயே `Apply default value on update`னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடணும். அது இருந்தா ஒருத்தர் கிணத்துக்காரர் பேரைத் திருத்தினாலே `uid` புதுசா மாறிடும், அதுவரைக்கும் எழுதின அளவெல்லாம் அநாதை ஆயிடும். அடுத்தது, டீஃபால்ட் புதுசா போடுற பாயின்ட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும், ஏற்கனவே இருக்கிற 40 கிணத்துக்கு `uid` காலியாத்தான் இருக்கும். போனுக்கு காப்பி பண்றதுக்கு *முன்னாடி* ஃபீல்டு கால்குலேட்டர்ல ஒரு தடவை நிரப்பிடணும், போனுக்குப் போனப்புறம் நிரப்பினா ஒரே கிணத்துக்கு மூணு போன்ல மூணு அடையாளம். மூணாவது, ஃபீல்டு நீளம். இந்தக் கோர்வை 36 எழுத்து, 32ன்னு வச்சா இடிக்கும். அதோட `uid`-ஐ ஃபார்ம்ல மறைச்சு வைங்க, கண்ணுல பட்டா யாராவது கை வைப்பாங்க, இல்லன்னா போன தடவை போட்டதையே ஞாபகம் வச்சுக்கிற அந்த பின் ஐகானை அமுக்கிடுவாங்க, அப்புறம் பத்து கிணத்துக்கு ஒரே `uid`.

ஆபீஸ்ல சேர்க்கிற மெயின் ஃபைல்ல இதையும் ஒரு தடவை ஓட்டி விடுங்க:

```sql
CREATE UNIQUE INDEX kinaru_uid_idx ON kinaru(uid);
```

ஒரே `uid` ரெண்டு தடவை உள்ள போக விடாது. அளவு டேபிளுக்கும் தனியா ஒரு `uid` வச்சு இதே மாதிரி பண்ணிடலாம். சேர்த்து முடிச்சதும் முதல் சுத்துல கிணத்துக்கு ஒரு அளவுக்கு மேல இருக்கான்னு பாருங்க:

```sql
SELECT kinaru_uid, COUNT(*) AS n
FROM alavu
GROUP BY kinaru_uid
HAVING n > 1;
```

இந்த நாலு வரியை அன்னைக்கு ஓட்டியிருந்தா ஏப்ரல்லயே தெரிஞ்சிருக்கும்.

போன் ஃபைலை சேர்த்ததும் அழிக்கிறது

கூடாது. தேதி, போன் பேர் போட்டு ஒரு ஃபோல்டர்ல தொடாம வைங்க.

எல்லாத்தையும் கட்டாயம் ஆக்குறது

தண்ணி மட்டம் நிரப்பாம சேவ் ஆகக்கூடாதுன்னு கட்டாயம் போட்டா, கதவு பூட்டின தோட்டத்துக்கு வெளிய நிக்கிறவர் 0 போட்டுட்டுப் போயிடுவாரு. வாய்லருந்து அளக்கிற கணக்குல 0ன்னா கிணறு நிரம்பி வழியுதுன்னு அர்த்தம். இன்னொருத்தர் வறண்ட கிணத்துக்கும் 0 போடுவாரு, தண்ணி இல்லதானேன்னு. மூணு வேற வேற சங்கதி ஒரே பூஜ்யத்துல போய் உக்காந்துக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அதனால முதல்ல `nilai`ன்னு ஒரு டிராப்டவுன் வைங்க, "அளந்தேன், வறண்டிருக்கு, அளக்க முடியல"ன்னு மூணு. அதைக் கட்டாயம் ஆக்கி, "அளந்தேன்"னா மட்டும் அடி கேக்கட்டும். சுத்துச்சுவர் உயரத்துக்கும் ஒரு ஃபீல்டு வேணும். சுவர் மேலருந்து அளக்கிறவரும் தரையிலருந்து அளக்கிறவரும் மூணு அடி வித்தியாசத்துல எழுதிட்டு வருவாங்க, ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்திருப்பாங்க.

ஃபைலை மட்டும் காப்பி பண்றது

ஆப் திறந்திருக்கும்போது போன்ல ஜியோபேக்கேஜ் ஃபைலான `.gpkg` பக்கத்துலயே `.gpkg-wal`னு ஒரு ஃபைல் இருக்கும். கடைசியா போட்ட பாயின்ட்டுகள் அதுல இருக்கலாம். `.gpkg` மட்டும் எடுத்துட்டு வந்தா அந்தப் பாயின்ட்டுகள் காணாமப் போகும், எரரும் வராது. புராஜெக்டை மூடிட்டு ஃபோல்டரையே மொத்தமா எடுங்க, ஃபோட்டோ இருக்கிற `DCIM` ஃபோல்டரும் சேர்ந்து வந்துடும், ஏன்னா டேபிள்ல ஃபோட்டோவோட பாதை மட்டும்தான் இருக்கு, ஃபோட்டோ இல்ல.

பாதி சர்வேல டிராப்டவுனைத் திருத்துறது

ஒரு போன்ல மட்டும் திருத்தாதீங்க. எல்லா போனையும் சேர்த்துட்டு, எல்லாருக்கும் புதுசு குடுங்க.

அந்த ரெண்டு பேரும் அன்னைக்கே ஃபார்மை மாத்திட்டாங்க. நாளைக்குக் காலையில கிளம்புறாங்க, அதுக்கு முன்னாடி ஆபீஸ் வாசல்ல ரெண்டு போன்லயும் ஏரோப்ளேன் மோடு போட்டு ஆளுக்கு மூணு பாயின்ட் போட்டு, ஒரு அளவு எழுதி, சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.