பாம்புச் செடி ஏன் சரிந்தது: என் அனுபவம்

காலை ஏழுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புபவள் நான். கல்லடியில் என் வாடகை அறைக்கு ஒரே ஒரு வடக்கு ஜன்னல்தான். வெளிச்சமும் தண்ணீரும் குறைவாகவே கேட்கும் என்று பாம்புச் செடி வாங்கினேன். மாரி தொடங்கியதும் இலைகள் சுருங்கி ஒரு பக்கம் சரிந்தன. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன்; அடி மஞ்சளாகியது. நேர்வெயிலில் வைத்தேன், இலையில் வெளிறிய தழும்புகள் வந்தன. உரமும் உதவவில்லை.

பிறகுதான் தும்புத்தூளில் ஓர் ஈர்க்கிலை அடிவரை குத்தி இழுத்தேன். மேற்பரப்பு காய்ந்து வெளிறியிருந்தாலும் ஈர்க்கிலின் கீழ்ப்பாதியில் ஈரத்தூள் ஒட்டி வந்தது. அலங்காரச் சாடியின் அடியில் துளையே இல்லை. வேர் அழுகியதால்தான் தண்ணீர் நிற்கும்போதே இலை சுருங்கியிருக்கிறது.

செடியைப் பிடுங்கி, கொழகொழத்த வேர்களை வெட்டி, உறுதியான கிழங்குத் துண்டை மூன்று நாள் நிழலில் உலரவிட்டேன். துளையுள்ள மண்சட்டியில் பாதி ஆற்றுமணல், பாதி தும்புத்தூள் நிரப்பி நட்டேன். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர்.

இலையை மட்டும் வெட்டி நட்டாலும் முளைக்கும். ஆனால் மஞ்சள் விளிம்புள்ள வகையில் புதிய குருத்து வெறும் பச்சையாகத்தான் வரும். விளிம்பு வேண்டுமானால் கிழங்கு தேவை. எனக்கு இரண்டு மாதத்தில் மஞ்சள் விளிம்போடு குருத்து வந்தது, நிம்மதி. இப்போது ஈர்க்கில் அடிவரை காய்ந்து வந்தால் மட்டுமே ஊற்றுகிறேன். மாரியில் அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.